ஹியூபேட் பெயரில் எழுதிய பதில்கள்

இமெல்டாவைக் கொட்டாஞ்சேனையில் பலருக்கும் தெரியும். கயிற்றுக் கடை ஹியூபேட்டின் மனைவி என்றால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் அந்தக் கடையின் கணக்கு முழுவதும் முப்பது வருடமாக அவளுடைய சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்பட்டது என்பது சிலருக்கு மட்டுமே தெரியும். ஹியூபேட் லொறிகளுக்கும் மீன்பிடி வள்ளங்களுக்கும் வேண்டிய கயிறு, மூடிக் கட்டும் படங்கு, சங்கிலி எல்லாம் விற்பவர். யாரிடம் எப்படிப் பேசினால் சாமான் போகும் என்பது அவருக்குத் தெரியும். கடதாசி என்றால் மட்டும் பயம். கடைக்கு வரும் பில்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மாதக் கடைசியில் அதை அப்படியே மனைவியிடம் நீட்டிவிடுவார்.

இமெல்டா அதற்காகக் குறைப்பட்டதில்லை. சின்ன வயதிலேயே எண்கள் அவளுக்கு லேசாக வந்தன. தகப்பன் துறைமுகத்தில் கிளார்க். மகள் கணக்காளராக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. கொன்வென்டில் அவளுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் யோசெப்பின். பாடசாலை முடிந்ததும் இருவரும் கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காளர் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒரே பஸ்ஸில் போய், ஒரு சாப்பாட்டுப் பார்சலைப் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள். முதல் கட்டச் சோதனையில் இமெல்டாவுக்குத்தான் கூடிய புள்ளி. இரண்டாம் கட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது தகப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டில் சம்பளம் வேண்டியிருந்தது, பயிற்சிக்குக் கிடைத்த கைச்செலவு போதவில்லை. இமெல்டா ஒரு கப்பல் கம்பனியில் வேலைக்குப் போனாள். பிறகு கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள், கயிற்றுக் கடை. யோசெப்பின் சோதனைகளை எல்லாம் எழுதி முடித்துப் பட்டயக் கணக்காளர் ஆனாள். கல்யாணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் சொந்தமாக அலுவலகம் வைத்திருந்தாள்.

யோசெப்பினின் பெயரை யாராவது எடுத்தால் இமெல்டா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒருமுறை கோயில் திருநாளில் யோசெப்பின் காரில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்கத் தலையிடி என்று படுத்துக்கொண்டாள். இது பொறாமைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறாள். சொன்னதால் அது குறையவில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, இமெல்டா வழக்கம்போல ஹியூபேட்டின் மின்னஞ்சலைத் திறந்தாள். அவருக்குக் கடவுச்சொல்கூடத் தெரியாது. கப்பல் கம்பனிகளின் விலை விசாரிப்புகளுக்கு அவர் பெயரில் பதில் எழுதுவதும் அவள்தான். அன்றைக்கு வந்திருந்தவற்றுள் ஒன்றில் யோசெப்பினின் பெயர் இருந்தது. மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

"அன்புள்ள திரு ஹியூபேட் அவர்களுக்கு,

உங்கள் வரி விடயங்களை என்னிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. 2023/2024 வரி மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான விவரத்திரட்டை இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன் இணையவழியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அது ஒரு சனிக்கிழமை. கடைசி நாட்களில் திணைக்களத்தின் இணையத்தளம் மெதுவாக இயங்கும் என்பதால் அதற்கு முந்திய புதன்கிழமையே முடித்துவிட விரும்புகிறேன். நீங்கள் தந்த உறையில் கடை வாடகைப் பற்றுச்சீட்டுகளும் லொறியின் பதிவுப் புத்தகப் பிரதியும் இருந்தன. கீழே உள்ளவை இன்னும் கிடைக்கவில்லை:

1. 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை, கடையின் நடைமுறைக் கணக்குக்கான வங்கிக் கூற்றுகள்.
2. மார்ச் 31 அன்று கடையில் இருந்த சரக்கின் பட்டியல், கொள்விலையுடன்.
3. அந்த ஆண்டுக்காக நான்கு தவணையாகக் கட்டிய வரிக்கும், செப்டெம்பரில் கட்டிய மீதி வரிக்கும் உரிய பற்றுச்சீட்டுகள்.
4. நிலையான வைப்புகளின் வட்டிக்கும், அதில் வங்கி நிறுத்திவைத்த வரிக்கும் உரிய சான்றிதழ்.
5. லொறி வாங்கிய பில், லீசிங் கம்பனியின் கடிதம்.
6. மார்ச் 31 அன்று உங்களுக்கு இருந்த சொத்துகள், கடன்களின் விவரம்: காணி, வாகனம், வங்கி மீதி, நகை, கைக்காசு.

கையில் உள்ளதை உடனே அனுப்புங்கள். எல்லாம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். ஏதாவது கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்."

இமெல்டா அதை மூன்று தடவை வாசித்தாள். கணக்கை வேறு கைக்கு மாற்றியிருக்கிறார். மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை. அதுவும் போனது யோசெப்பினிடம். அந்த ஆறு இலக்கங்களுக்குக் கீழே கேட்கப்பட்ட அத்தனையும் அவளுடைய அலுமாரியில் இருந்தன. சரக்குப் பட்டியலை எழுதியது அவள். தவணை வரியை வங்கியில் வரிசையில் நின்று கட்டியது அவள். செப்டெம்பரில் மீதி வரியைக் கணக்குப் பார்த்துக் கட்டியவளும் அவள்தான். அப்போதுகூட ஹியூபேட் வாய் திறக்கவில்லை.

மின்னஞ்சலில் ஒரு பிழையாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருக்கவில்லை. மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதப்பட்டிருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. தானும் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

மத்தியானம் சாப்பிட வந்த ஹியூபேட்டிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சமாதானம் சொல்வார், அது தனக்குத் தேவையில்லை என்று நினைத்தாள். அவர் போன பிறகு கணினியின் முன் உட்கார்ந்து, ஹியூபேட் எழுதுவதுபோல யோசெப்பினுக்குப் பதில் எழுதினாள். வங்கிக் கூற்றுகளை இணைத்திருக்கிறேன், மற்றவற்றைத் தேடி அனுப்புகிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. ஒரு சந்தேகம் என்று தொடங்கி ஒரு கேள்வியும் வைத்தாள். ஒரு வைப்பு ஏப்ரலில்தான் முதிர்கிறது. ஆனால் வட்டியின் பெரும்பகுதி மார்ச்சுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. அது எந்த ஆண்டுக் கணக்கில் வரும்?

அவளுக்கு விடை தெரியும். யோசெப்பினுக்கும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையே பதில் வந்தது. தனிநபரின் முதலீட்டு வருமானம் கையில் வந்த அடிப்படையில்தான் கணக்கிடப்படும், ஆகவே ஏப்ரலில் கிடைத்த வட்டி அடுத்த ஆண்டுக்கே போகும் என்று இரண்டு வரியில் சரியாக எழுதியிருந்தாள் யோசெப்பின்.

இமெல்டா அடுத்த நாள் லொறியின் பில்லை அனுப்பி, தேய்மானக் கழிவைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கும் சரியான பதில். சரக்குப் பட்டியலை அனுப்பும்போது, நனைந்து பழுதான படங்குகளை எந்த விலைக்குப் போடுவது என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது, கொஞ்சம் நீளமாக, பொறுமையாக. ஒவ்வொரு பதிலையும் இமெல்டா, பிழை இருந்துவிடக்கூடாதா என்று எதிர்பார்த்தே திறப்பாள். வாசித்து முடித்ததும், இந்தப் பதில்களை எழுத முப்பது வருடம் அவளுக்கு ஒரு மேசையும் கதிரையும் இருந்திருக்கின்றன, எனக்கு இல்லை என்று நினைப்பாள்.

இன்னொரு எண்ணமும் அவளை விடவில்லை. ஹியூபேட் இவளை எங்கே சந்தித்தார்? எத்தனை தடவை பேசியிருப்பார்? வெள்ளவத்தைக்குப் போகிறேன் என்று ஒக்டோபரில் ஒரு நாள் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவரின் மகளுக்குச் சம்பந்தம் பேச என்று சொன்னார். சந்தேகப்படத் தான் முட்டாள் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சேர்ட்டை அயன் பண்ணும்போது கையை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டியலில் இருந்த எல்லாம் போய்ச் சேர்ந்தன, ஒன்றைத் தவிர. நான்காவது இலக்கம்: வைப்பு வட்டிச் சான்றிதழ். புறக்கோட்டை வங்கியில் ஜூன் மாதமே அதை வாங்கி வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அனுப்புவதற்காக எடுத்தாள். பிறகு தையல் மெசினின் மூடிக்குள் வைத்து, மேலே ஒரு துணியை மடித்துப் போட்டாள்.

என்ன நினைத்து அப்படிச் செய்தாள் என்று பின்னாளில் தன் மூத்த மகளிடம் சொல்லியிருக்கிறாள். சான்றிதழ் இல்லாமல் யோசெப்பின் தடுமாற வேண்டும். கடைசி நாளில் போன் எடுத்துக் கெஞ்ச வேண்டும். திகதி தவறினால் ஹியூபேட்டுக்கு அபராதம் வரும், அப்போது அவர் திரும்பி இவளிடமே வருவார். அந்த அபராதம் தன் வீட்டுக் காசில்தான் போகும் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தாளாம்.

சான்றிதழ் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று ஹியூபேட் பெயரில் எழுதினாள்.

அன்று பின்னேரமே பதில் வந்தது. இம்முறை "அன்புள்ள திரு ஹியூபேட்" இல்லை.

"இமெல்டா, நீ எழுதுகிறாய் என்று எனக்கு முதல் பதிலிலேயே தெரியும். ஹியூபேட் தன் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். சேர்ந்த வட்டியைப் பற்றிக் கேட்பவர் அவர் இல்லை. கேள்விகள் நல்ல கேள்விகள், அதனால் பதில் எழுதினேன். சான்றிதழ் புதன்கிழமைக்கு முன் வராவிட்டால் நிறுத்திவைத்த வரியைக் கழிக்காமல் விவரத்திரட்டைப் போட்டுவிடுவேன். திகதி தவறாது. பிறகு சான்றிதழ் கிடைத்தால் திருத்தி இன்னொன்று போடலாம். அதுவரைக்கும் உங்கள் காசு திணைக்களத்தில் இருக்கும், அவ்வளவுதான். வங்கியில் மறுபிரதி கேட்கும்படி ஹியூபேட்டுக்குப் போனில் சொல்கிறேன்."

இமெல்டாவின் காது இரண்டும் சூடாகிவிட்டன. இத்தனை நாளும் தான் சோதிக்கப்படுவது தெரிந்தே, யோசெப்பின் ஒரு மாணவிக்குச் சொல்வதுபோலப் பதில் எழுதியிருக்கிறாள். ஒளித்து வைத்த கடதாசியால்கூட அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. கணினியை அப்படியே மூடிவிட்டு, கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை ஹியூபேட் கடையை இராமரிடம் விட்டுவிட்டு வங்கிக்குப் போனார். இராமர் அவருடைய கடையில் பல வருடமாக வேலை செய்பவர். ஹியூபேட் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதே கதிரையில் உட்கார்ந்தார்.

"பேங்கில புத்தகத்தைத் திறந்து காட்டினவங்கள்," என்றார். "ஜூன் மாசமே நீர் கையெழுத்து வச்சு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்."

"ஓம்."

"அது இப்ப எங்க?"

"என்னட்டத்தான் இருக்கு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவளிட்டப் போனதை எனக்குச் சொல்லேல்லை," என்றாள் இமெல்டா. "முப்பது வருசம் நான் எழுதின கணக்கு. ஒரு நாள் பிழை பிடிச்சு ஆராவது வந்தவங்களோ?"

ஹியூபேட் மெதுவாகச் சொன்ன காரணம் அவள் நினைத்த எதுவும் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அவள் கண் எரிகிறது, முதுகு நோகிறது, இந்தக் கணக்கு என் உயிரை எடுக்கிறது என்று சொல்வாளாம். போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு, கட்டு அவிழ்த்த கையோடு கணினியில் உட்கார்ந்தாளாம். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு செத்த வீட்டில் யோசெப்பினைக் கண்டபோது கேட்டுவிட்டார். ஒக்டோபரில் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனது அவளிடம் அந்த உறையைக் கொடுக்கத்தான். கேட்ட பிறகுதான், யோசெப்பின் என்றால் மனைவிக்கு ஆகாது என்பது நினைவுக்கு வந்தது. அதனால் சொல்லப் பயந்து, எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

"நான் களைச்சுப்போய்த்தானே முறைப்பட்டனான்," என்றாள் இமெல்டா. "என்னட்ட இருந்து எடுத்துவிடுங்கோ எண்டு சொன்னனானோ?"

"எனக்கு அந்த வித்தியாசம் விளங்கேல்லை," என்றார் ஹியூபேட்.

அவர் கடைக்குத் திரும்பிப் போன பிறகு அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். கணவன் தன்னைத் தாழ்வாக நினைக்கவில்லை என்பது ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடமாக அவள் செய்த வேலையை அவர் ஒரு பாரமாக மட்டும்தான் பார்த்திருக்கிறார். நவம்பரில் மட்டும்தான் அவள் இமெல்டாவாக இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய அவளும் விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சான்றிதழை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள். படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். நேரில் போக வேண்டும் போலிருந்தது. நல்ல சேலையா, சாதாரண சேலையா என்று யோசித்து, கடைசியில் நல்லதைத்தான் கட்டினாள்.

யோசெப்பினின் அலுவலகம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்னறையில் ஸமீமா என்ற பெண், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு போனில் ஒரு கடைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ பில் கேட்டுக்கொண்டிருந்தாள். தரை முழுக்கக் கோப்புகள். உள்ளே யோசெப்பின் வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் மீன் வைத்த மாலுபான் பணிஸைச் சாப்பிட்டபடி மற்றக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இமெல்டா மனதில் வைத்திருந்த அறை இதுவல்ல. குளிரூட்டி இருந்தது, ஆனால் ஓடவில்லை.

யோசெப்பின் நிமிர்ந்து பார்த்து, இருக்கச் சொன்னாள். சான்றிதழை வாங்கி, வங்கியின் வரி இலக்கத்தையும் சான்றிதழ் இலக்கத்தையும் கணினியில் பதிந்தாள். வட்டித் தொகை, நிறுத்திவைத்த வரி. முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை எங்க வச்சிருந்தனீ?"

"தையல் மெசினுக்க."

"ஏன்?"

பஸ்ஸில் வரும்போது இமெல்டா பல பதில்களை யோசித்து வைத்திருந்தாள். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"நீ பிழை விடவேணும் எண்டுதான்," என்றாள்.

"நான் பிழை விடமாட்டன் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். அதுதான்."

யோசெப்பின் சிரிக்கவில்லை. மாலுபானில் மிஞ்சியதைக் கடதாசியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தாள். பிறகு கணினித் திரையை இமெல்டாவின் பக்கம் திருப்பி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொன்னாள். இமெல்டா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். வியாபார வருமானம், வட்டி, தேய்மானக் கழிவு, கட்டிய தவணைகள், செப்டெம்பர் மீதி. அவள் கட்டிய தொகைக்கும் யோசெப்பின் கண்ட வரிக்கும் மிகச் சிறிய வித்தியாசம்தான் இருந்தது. அதுவும் லொறிக் கழிவை யோசெப்பின் சரியாகப் போட்டதால் வந்தது, ஹியூபேட்டுக்குச் சாதகமாக. அந்த ஒரு வரியை இமெல்டா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்று சொன்னாள். யோசெப்பின் அனுப்பினாள். ஏற்றுக்கொண்டதற்கான அறிவிப்பு திரையில் வந்ததும் அதை அச்சிட்டு இமெல்டாவின் கையில் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் இமெல்டா கேட்டாள். கேட்கப் போகிறோம் என்று கேட்கும் வரை அவளுக்கே தெரியாது. உனக்கு ஆள் போதாது போலிருக்கிறதே, ஒவ்வொரு நவம்பரிலும் நான் வந்து உதவி செய்யவா என்று.

யோசெப்பின் வெளியறையைப் பார்த்தாள். ஸமீமா இன்னும் போனில்தான். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

"உன்னை வச்சு வேலை வாங்க என்னால ஏலாது, இமெல்டா. கோட்டையில இருக்கேக்கயே நீ பக்கத்தில இருந்தா எனக்குக் கை ஓடாது. நான் கூட்டி முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சிட்டு என்ரை கொப்பியைப் பாத்துக்கொண்டிருப்பாய். நீ வேலைக்குப் போன நாள் நான் வீட்ட போய் அழுதனான். எல்லாரும் சிநேகிதிக்காக அழுறன் எண்டு நினைச்சவை."

"அதுக்கில்லையோ?"

"இல்லை. சந்தோசத்தில."

ஒரு கணம் இமெல்டாவின் மனம் குளிர்ந்தது. அடுத்த கணம், அந்தச் சந்தோசத்தை வைத்துக்கொண்டு அவள் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், என் கையில் என்ன இருக்கிறது என்று மறுபடி எரிந்தது. எழுந்து, வருகிறேன் என்றாள். யோசெப்பின் காலை முக்காலியிலிருந்து இறக்கி, படி வரைக்கும் கூடவே வந்தாள். கடைசிப் படியில் நின்று, கொட்டாஞ்சேனையிலிருந்து சின்னச் சின்ன ஆட்கள் வருகிறார்கள், தன்னால் எடுக்க முடிவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர்களை உன்னிடம் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. இமெல்டாவும் அனுப்பு என்று கேட்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தை அவளோடு பஸ்ஸில் வந்தது.

புது வருடம் பிறந்ததும் இமெல்டா ஹியூபேட்டிடம் சொல்லி முன்னறையில் ஒரு மேசை போட்டாள். சாப்பாட்டு மேசை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள். யோசெப்பின் திருப்பி அனுப்பியவர்களில் முதலில் வந்தவர் நாகேந்திரம் மாஸ்டர், ஏ லெவல் மாணவர்களுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர். வரி இலக்கம் எடுத்தாரே தவிர ஒரு வருடமும் விவரத்திரட்டு அனுப்பியதில்லை. திணைக்களத்திலிருந்து கடிதம் வந்து, நித்திரை இல்லாமல் வந்து நின்றார். அவருக்குச் செய்து கொடுத்த பிறகு ஒரு பல் வைத்தியர் வந்தார். பிறகு வத்தளையில் இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஒரு விதவை. இமெல்டா ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கடதாசிகளை எழுதிக் கொடுத்தாள். கொண்டுவராதவர்களைக் கோபிக்கவில்லை. கடதாசி வராததற்கு மறதி மட்டும் காரணமாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விதவையிடம் மகன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்தபோதுதான், குத்தகை ஒப்பந்தம் அவனிடம் இருப்பதும் இருவரும் பேசுவதில்லை என்பதும் தெரிய வந்தது. இமெல்டா அவனுக்குப் போன் எடுத்தாள்.

ஹியூபேட்டின் கணக்கை மட்டும் அவள் திருப்பி எடுக்கவில்லை. அவர் ஆசையோடு கேட்டார்.

"அது அவளிட்டயே இருக்கட்டும்," என்றாள் இமெல்டா. "நீங்கள் பாவம் பாத்துத் தாற வேலை எனக்கு வேண்டாம். என்னட்ட வேற ஆக்கள் வருவினம்."

அவர் சரி என்றார். அதன் பிறகு நவம்பர் வந்தால், கடையிலிருந்து வரும்போது அவரே தேநீர் போட்டுக்கொண்டு வந்து முன்னறை மேசையில் வைப்பார். கண் எரிகிறது என்று அவள் சொன்னால், ஓம் என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவார்.

அடுத்த திருநாளில் இமெல்டாவும் யோசெப்பினும் கோயில் வாசலில் சந்தித்தார்கள். பல் வைத்தியர் தன்னிடம் வந்துவிட்டார் என்று யோசெப்பின் சொன்னாள். நீ அளவுக்கு மிஞ்சிக் கேள்வி கேட்கிறாயாம், அதனால்தானாம். சாதாரணமாகத்தான் சொன்னாள். இமெல்டா அன்றைக்கும் தலையிடி என்று சொன்னாள், ஆனால் படுக்கவில்லை. பல் வைத்தியரின் கோப்பை எடுத்து முதலிலிருந்து வாசித்து, தான் கேட்டதில் எதுவும் தேவையில்லாத கேள்வி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் சமைக்கப் போனாள்.

யோசெப்பின் கல்கிசையில் இன்னொரு அலுவலகம் திறந்தபோது அழைப்பு வந்தது. ஹியூபேட் போக வேண்டாம் என்றார். இமெல்டா போகத்தான் வேண்டும் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய யன்னல்கள், புதுக் கதிரைகள், நான்கு பேர் வேலைக்கு. ஸமீமா இப்போது தனி அறையில் இருந்தாள். இமெல்டா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள், கதவுப் பிடியைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். யோசெப்பினுக்குக் கை கொடுத்து, நல்லாயிருக்கு என்றாள். கேக் துண்டு ஒன்று சாப்பிட்டாள், கேட்டு இன்னொன்றும் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் யன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் ஹியூபேட்டின் பக்கம் திரும்பி, கேக் அவ்வளவு நல்லா இல்லை என்றாள். ஹியூபேட் தலையை ஆட்டினார்.